தொழிலுக்குப் போகவில்லை



எண்ணூர் நெடுஞ்சாலையில் இருக்கும் எர்ணாவூரில், பள்ளி, கல்லூரி மாணவர்களின் தமிழ்க் கட்டுரைகளை மாலை வேளைகளில் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வழக்கம். அந்த மாணவர்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் ஆலைத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கல்லூரி முதலாண்டு மாணவி ஒருவர் எண்ணூர்க் கழிமுகம் பற்றி எழுதிவந்த கட்டுரையின் ஒரே ஒரு பத்தியை இன்று உங்களோடு சேர்ந்து திருத்திப் பார்க்கப் போகிறேன். முதலில் அவர் எழுதியபடியே வாசிக்கிறேன்.

"2023 டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயல் வந்தப்போ எண்ணூர் கழிமுகத்துல ஆயில் மிக்ஸ் ஆச்சு. வலைகள், போட்டுகள் எல்லாம் கருப்பாக மாறின. ஒவ்வொரு வீட்டிலயும் வலைகள் வீணாய் போனது. அதிகாரிகள் வந்து பார்த்தார். மீனவர்களே பக்கெட்ல அள்ளி கிளீன் பண்ணினார்கள். இதனால் மீனவர்களின் வாழ்வாதாரம் வெகுவாக பாதிப்படைந்தது. எங்க அப்பா ரெண்டு மாசம் தொழிலுக்கு போகல."

சொல்ல வேண்டிய செய்தி இதில் இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அந்த இடத்தில், அந்த டிசம்பரில், தண்ணீர் மேல் எண்ணெய் மிதந்ததைப் பார்த்தவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். மாணவியும் பார்த்தவர்தான். பார்த்ததை எழுதும்போது மூன்று வகைத் தமிழ் அவர் கையில் கலந்துவிட்டன. ஒன்று வீட்டில் பேசுவது, ஒன்று பாடப்புத்தகத்தில் படித்தது, மூன்றாவது செய்தித்தாளில் இருந்து வந்தது.

திருத்துகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அவை கண்ணில் பட்டெனப் படுகின்றன. வட்டம் போடுவது எளிது. நான் அங்கே தொடங்குவதில்லை. சொற்களின் கடைசி எழுத்துகளில் தொடங்குகிறேன். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் பிரிகிற இடம் பெரும்பாலும் விகுதிதான். "கழிமுகத்துல" என்பது "கழிமுகத்தில்" ஆகிறது. "வீட்டிலயும்" என்பது "வீட்டிலும்" ஆகிறது. "பக்கெட்ல", "ஆச்சு", "போகல" எல்லாம் இந்த வகைதான். பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லின் வாலை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் ஒரு பத்தியை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம்.

"வந்தப்போ" என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். இதைத் திருத்தும் மாணவர்கள் "வந்தப்போது" என்று எழுதுகிறார்கள். பேச்சில் அழுத்தி ஒலிக்கும் "ப்" எழுத்திலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. "வந்த" என்பது பெயரெச்சம். அதற்குப் பின் வல்லினம் மிகாது. "வந்தபோது" என்பதே சரி. "எண்ணெய் படிந்தப் படகு" என்று எழுதுவதும் இதே பிழைதான். "படிந்த படகு" என்று விட்டுவிட வேண்டும். ஒற்றைக் கண்ட இடமெல்லாம் போட்டால் பிழை வராது என்ற எண்ணம் இளைஞர்களிடம் இருக்கிறது. உண்மையில், விட்ட ஒற்றைவிட வேண்டாத ஒற்றுதான் வாசிப்பவரின் நாக்கை அதிகம் தடுக்கிறது.

அடுத்து, எழுவாயும் பயனிலையும். "வலைகள் வீணாய் போனது" என்று எழுதியிருக்கிறார். ஆனால் அதற்கு முந்தைய வாக்கியத்திலேயே "வலைகள், போட்டுகள் மாறின" என்று சரியாக எழுதியவரும் அவர்தான். ஆகவே இலக்கணம் தெரியாமல் செய்த பிழை அல்ல இது. நம் பேச்சில் "போயின", "மாறின" என்ற பலவின்பால் முடிவே கிடையாது. "மாடுங்க வந்துச்சு" என்றுதான் சொல்கிறோம். ஒரு வாக்கியத்தைப் பாடநூல் நினைவோடு எழுதும்போது "மாறின" வந்துவிடுகிறது. அடுத்ததை வீட்டு நினைவோடு எழுதும்போது "போனது" வந்துவிடுகிறது. இலக்கணப் பிழை என்று நாம் குறிப்பவற்றில் பல, வேரில் பேச்சும் எழுத்தும் கலந்ததால் வந்தவை. இதைப் புரிந்துகொண்டு சொன்னால் மாணவர் ஒருமுறை கேட்டதும் பிடித்துக்கொள்கிறார். "தவறு" என்று மட்டும் எழுதினால் அடுத்த கட்டுரையிலும் அதே பிழை வரும்.

இதைத் திருத்த இரண்டு வழி உண்டு. "வலைகள் வீணாய்ப் போயின" என்று எழுதலாம். அல்லது "கள்" விகுதியை எடுத்துவிட்டு "ஒவ்வொரு வீட்டிலும் வலை வீணாயிற்று" எனலாம். "வலை" என்ற சொல் ஒன்றையும் குறிக்கும், பலவற்றையும் குறிக்கும். பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணம் இதைச் சொல்கிறது. அதனால் அந்தச் சொல்லுக்கு ஒருமை வினையும் பொருந்தும், பன்மை வினையும் பொருந்தும். ஒவ்வொரு வீடாக எண்ணிச் சொல்லும்போது ஒருமையே இயல்பாக இருக்கிறது. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும். அஃறிணைப் பெயருக்கெல்லாம் "கள்" போடும் பழக்கம் அண்மைக் காலத்தில் மிகுந்துவிட்டது. நாம் பேசும்போது பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை.

"அதிகாரிகள் வந்து பார்த்தார்" என்பது "பார்த்தார்கள்" ஆக வேண்டும். "பார்த்தனர்" என்றாலும் சரிதான். ஆனால் அடுத்த வரியில் "பண்ணினார்கள்" என்று வருகிறது. ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கட்டுரை முழுவதும் அதையே எழுதுவது நல்லது. ஒரு வரியில் "பார்த்தனர்", அடுத்த வரியில் "பண்ணினார்கள்" என்றால் இரண்டு பேர் எழுதியதுபோல் இருக்கும்.

இப்போது ஆங்கிலச் சொற்களுக்கு வருகிறேன். இந்தப் பத்தியில் ஆயில், மிக்ஸ், போட்டு, பக்கெட், கிளீன் என்று ஐந்து இருக்கின்றன. ஐந்தும் ஒரே தன்மை உடையவை அல்ல. ஆயில், போட்டு, பக்கெட் மூன்றும் பொருள்களின் பெயர். எண்ணெய், படகு, வாளி என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. வாக்கியத்தில் வேறு எதையும் தொட வேண்டியதில்லை. ஆயிலை "கச்சா எண்ணெய்" என்று மாற்றலாமா என்று மாணவி கேட்டார். வேண்டாம் என்றேன். அது கச்சா எண்ணெய் என்று அவர் எழுதவில்லை. திருத்தம் என்ற பெயரில் கட்டுரைக்குள் புதிய தகவல் நுழைந்துவிடக் கூடாது.

"மிக்ஸ் ஆச்சு", "கிளீன் பண்ணினார்கள்" என்ற இரண்டும் அப்படிப்பட்டவை அல்ல. இவை வினைகள். தமிழில் என்ன நடந்தது, யார் செய்தது என்பதை வினைதான் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில் ஆங்கிலச் சொல்லை வைத்து "ஆச்சு", "பண்ணு" என்று ஒட்டுப்போட்டால் அந்தத் தகவல் மறைந்துவிடுகிறது. "எண்ணெய் மிக்ஸ் ஆச்சு" என்பதை எப்படி எழுதுவது? "எண்ணெய் கலந்தது" என்றால் தானாக நடந்ததாகும். "எண்ணெய் கலக்கவிடப்பட்டது" என்றால் யாரோ ஒருவர் மேல் குற்றம் சாட்டுவதாகும். "வெள்ளத்தோடு வந்து கலந்தது" என்றால் வந்த வழி தெரியும். மூன்றும் நல்ல தமிழ்தான். ஆனால் மூன்றும் வேறு வேறு செய்திகள். மாணவி சற்று யோசித்துவிட்டு மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். கால்வாய் வழியே வெள்ளத்தோடு எண்ணெய் வந்ததை அவர் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் தம்மால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆங்கில வினையை எடுத்தபோதுதான் அவர் அந்த முடிவை எடுக்க வேண்டி வந்தது.

"கிளீன் பண்ணினார்கள்" என்பதும் அப்படித்தான். என்ன செய்தார்கள் என்று கேட்டேன். மிதந்த எண்ணெயை வாளியால் அள்ளி டிரம்மில் ஊற்றினார்களாம். பிறகென்ன, அதையே எழுதலாம். "சுத்தம் செய்தார்கள்" என்று அகராதியைப் பார்த்து மாற்றியிருந்தால் ஆங்கிலம் போயிருக்கும், காட்சி வந்திருக்காது. டிரம் என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டேன். எண்ணூரில் அதை எல்லோரும் டிரம் என்றுதான் சொல்கிறார்கள்; பீப்பாய் என்றால் வேறு உருவம் மனத்தில் வரும்.

இனி மூன்றாவது தமிழ். "மீனவர்களின் வாழ்வாதாரம் வெகுவாக பாதிப்படைந்தது." "வெகுவாகப்" என்று ஒற்றுப் போட்டால் இலக்கணப்படி குறையே இல்லாத வாக்கியம். அதை அடித்துவிடச் சொன்னேன். எந்த ஊர், எந்தத் தொழில், எந்த ஆண்டு என்று மாற்றினாலும் இந்த வாக்கியம் அப்படியே பொருந்தும். பத்தியில் அதற்கு அடுத்து வரும் வாக்கியம் இதே செய்தியைத் தன் வீட்டுச் செய்தியாகச் சொல்கிறது. "எங்க அப்பா ரெண்டு மாசம் தொழிலுக்கு போகல."

இந்த வாக்கியத்தில் விகுதியையும் ஒலியையும் மட்டும் மாற்றினேன். "எங்கள் அப்பா இரண்டு மாதம் தொழிலுக்குப் போகவில்லை." "தொழிலுக்கு" என்ற சொல்லைத் தொடவில்லை. "மீன்பிடிக்கச் செல்லவில்லை" என்று மாற்றிக் கொடுக்கும் ஆசிரியர்கள் உண்டு. கடலோரத்தில் தொழில் என்றாலே கடலுக்குப் போவதுதான். மீனவர் பேச்சில் வருகிற பாடு, முகத்துவாரம், மடவை போன்ற சொற்களும் அப்படியே. அவை பேச்சில் வழங்குவதாலேயே பேச்சுநடை ஆகிவிடாது. எழுத்து நடைக்கு வேண்டியது எழுத்து விகுதி. பெயர்ச்சொல் ஊர்ச்சொல்லாகவே இருக்கலாம்.

ஒருவர் பேசியதை அப்படியே எழுத விரும்பினால் மேற்கோள் குறிக்குள் போட்டு முழுப் பேச்சாகவே எழுதுங்கள். ஜெயகாந்தன் கதைகளில் பாத்திரங்கள் சென்னைத் தமிழ் பேசும். கதை சொல்கிறவரின் குரல் எழுத்துத் தமிழில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே குறி ஒரு வேலியாக நிற்கும். குறிக்குள் பாதி பேச்சு, பாதி எழுத்து என்று வைப்பதுதான் கூடாது.

கடைசியாகத்தான் ஒற்று. காரணம் உண்டு. "அள்ளி கிளீன் பண்ணினார்கள்" என்று இருந்தபோது "அள்ளிக்" என்று ஒற்று வர வேண்டியிருந்தது. "அள்ளி டிரம்மில் ஊற்றினார்கள்" என்று மாறியதும் அந்த ஒற்றுக்கு வேலை இல்லை. சொற்கள் நிலைபெற்ற பிறகு ஒற்றை ஒரு முறை பார்த்தால் போதும். எஞ்சியவை "எண்ணூர்க் கழிமுகத்தில்", "தொழிலுக்குப் போகவில்லை" என்ற இரண்டுதான். "கு" உருபுக்குப் பின் வல்லினம் மிகும். "வந்து பார்த்தார்கள்" என்பதில் மிகாது. "வந்து" மென்தொடர்க் குற்றியலுகரம். விதி நினைவில் இல்லாவிட்டால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் காது சரியாகச் சொல்லிவிடும். சந்தேகம் தீராத இடத்துக்கு அ. கி. பரந்தாமனார் எழுதிய "நல்ல தமிழ் எழுத வேண்டுமா?" என்ற நூல் கைக்கு அருகில் இருக்கட்டும்.

திருந்திய பத்தியைக் கேளுங்கள்.

"2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தது. வலையும் படகும் கருப்பாக மாறின. ஒவ்வொரு வீட்டிலும் வலை வீணாயிற்று. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மீனவர்களே எண்ணெயை வாளியால் அள்ளி டிரம்மில் ஊற்றினார்கள். எங்கள் அப்பா இரண்டு மாதம் தொழிலுக்குப் போகவில்லை."

கட்டுரை திருத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். விகுதியைத் திருத்துங்கள், வினையைத் திருத்துங்கள், ஒற்றையும் திருத்துங்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் தொழிற்சொல்லின் மேல் மட்டும் சிவப்பு மையை வைக்காதீர்கள்.