எடைபோட்டு முடிவெடுப்போம்: தண்ணீருக்கு மூன்று வழி, எது நமக்கு?

(குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கக் கூட்டம்னாலே சில சமயம் சத்தம் அதிகமா இருக்கும். தண்ணீர்ப் பிரச்சினை வந்தால் ஒருவர் "புது போர் போடுவோம்" என்பார். இன்னொருவர் "மழைநீர் சேகரிப்பைச் சரி பண்ணுங்க" என்பார். மூன்றாமவர் "லாரிக்காரரிடம் மாத ஒப்பந்தம் போட்டால் போதும்" என்பார். கடைசியில் யார் குரல் உயர்ந்ததோ அவர் சொன்னதே தீர்மானம் ஆகிவிடும். இதற்குப் பதிலாக ஒரு தாளில் எடைபோட்டுப் பார்க்கும் முறையை இன்று சொல்கிறேன். செல்போனில் கூகுள் ஷீட்ஸ் இருந்தால் போதும்.

40 வீடுகள், ஏறக்குறைய 150 பேர் உள்ள ஒரு சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு வடிகட்டல். சென்னை பெருநகர்ப் பகுதிக்கு 1987-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் உண்டு. அதன் கீழ் வரும் இடங்களில் அனுமதியில்லாமல் போர் போட முடியாது. அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால் அந்த யோசனைக்கு மதிப்பெண்ணே போடக்கூடாது, பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். "கட்டாயம்" என்பதையும் "இருந்தால் நல்லது" என்பதையும் கலந்துவிட்டால், நடக்கவே முடியாத ஒன்று மற்றவற்றில் மதிப்பெண் வாங்கி முதலிடம் வந்துவிடும். நம் உதாரணத்தில் அனுமதி கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம்.

அடுத்து, எதையெல்லாம் பார்த்து முடிவெடுக்கப் போகிறோம்? நான்கு போதும். மே மாதத்தில் தண்ணீர் நிச்சயமாகக் கிடைக்குமா என்பதற்கு 35. ஐந்தாண்டு மொத்தச் செலவுக்கு 30. தண்ணீரின் தரத்துக்கு 20. எவ்வளவு சீக்கிரம் பலன் தரும் என்பதற்கு 15. கூட்டினால் 100. இதுதான் எடை.

இங்கே இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, எடையை முதலில் எழுதி முடித்துவிட்டு, பிறகுதான் மதிப்பெண் போட வேண்டும். பின்னால் எடையைத் தொட்டால், பிடித்தது ஜெயிக்கிற மாதிரி ஆளாளுக்கு வளைத்துவிடுவார்கள். இரண்டு, மின் கட்டணம், பராமரிப்பு, ஆரம்பச் செலவு என்று மூன்று வரியாகப் பிரிக்காதீர்கள். எல்லாமே பணம்தான். ஒரே விஷயத்தை மூன்று முறை எண்ணினால் பணத்தின் எடை சத்தமில்லாமல் ஏறிவிடும்.

இப்போது 1 முதல் 5 வரை மதிப்பெண். எப்போதும் 5 என்றால் நமக்கு நல்லது. செலவு வரியில் 5 என்றால் செலவு குறைவு என்று பொருள். இதைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிக்கொண்டு வந்து, வித்தியாசம் அதிகமுள்ள இடத்தை மட்டும் விவாதித்தால் நேரம் மிச்சம். நம் உதாரணத்தில் இப்படி வந்தது என்று வைப்போம்:

| | எடை | போர் | மழைநீர் | லாரி |
|---|---|---|---|---|
| மே மாத நிச்சயம் | 35 | 4 | 3 | 3 |
| செலவு | 30 | 3 | 5 | 1 |
| தரம் | 20 | 2 | 4 | 3 |
| வேகம் | 15 | 4 | 2 | 5 |
| மொத்தம் | | 330 | 365 | 270 |

எடையை மதிப்பெண்ணால் பெருக்கிக் கூட்டியதுதான் மொத்தம். எடைகள் B2 முதல் B5 வரை, போருக்கான மதிப்பெண்கள் C2 முதல் C5 வரை இருந்தால், C6-இல் இதை எழுதி வலப்பக்கம் இழுத்துவிடுங்கள்:

```
=SUMPRODUCT($B$2:$B$5,C2:C5)
```

மழைநீர் 365. "அப்போ முடிஞ்சுது, தீர்மானம் போடலாமா?" என்று கேட்பீர்கள். இன்னும் முடியவில்லை. இந்த முதலிடம் எவ்வளவு உறுதியானது என்று ஆட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் எடையை ஆட்டுவோம். "எனக்குக் காசைவிடத் தண்ணீர்தான் முக்கியம்" என்று ஒருவர் சொல்கிறார். செலவிலிருந்து எடுத்து மே மாத நிச்சயத்துக்குக் கொடுத்துக்கொண்டே போங்கள். 11 புள்ளி மாற்றும்வரை மழைநீர்தான் முதலிடம். 12 மாற்றினால் போர் 342, மழைநீர் 341. அதாவது, எடையில் ஓரளவு கருத்து வேறுபாட்டை இந்த முடிவு தாங்கும்.

அடுத்து மதிப்பெண்ணை ஆட்டுவோம். மழைநீருக்கு மே மாத நிச்சயத்தில் 3 போட்டோமே, அது 2 ஆனால்? 35 குறைந்து 330 ஆகிவிடும். போருக்குச் சமம்! ஆக, மொத்த முடிவும் மே மாத நிச்சயம் என்ற ஒரே வரியில் தொங்குகிறது. சண்டை போடுவதாக இருந்தால் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் போட வேண்டும். அதையும் கணக்கோடு போடலாம்.

ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். மாடி 500 சதுர மீட்டர், சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர் என்றால் 7 லட்சம் லிட்டர். வீணாவது போக 80 சதவீதம் கிடைத்தால் 5 லட்சத்து 60 ஆயிரம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவில் 150 பேருக்கு ஏறக்குறைய 20,000 லிட்டர் வேண்டும். வகுத்தால் 28 நாள். அதிலும் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மண்ணுக்குள் இறக்கிய தண்ணீர் மே வரை நம் வாசலிலேயே காத்துக்கொண்டிருக்காது. பக்கத்து வீட்டு மோட்டாரும் அதைத்தான் இழுக்கும். அதனால் 3 என்பது ஆசை, 2 என்பதுதான் நிஜம்.

இப்போது போரும் மழைநீரும் 330-இல் சமம். சீட்டுக் குலுக்கலாமா? வேண்டாம். சமநிலை வந்தால் பட்டியலில் ஏதோ விடுபட்டிருக்கிறதா என்று தேடுங்கள். மழைநீரின் பெரிய பலவீனம் மே மாதம்தான். அப்படியானால் மழைநீர்க் கட்டமைப்பைச் சரிசெய்துவிட்டு, கோடையில் இரண்டு மாதத்துக்கு மட்டும் லாரி என்ற நான்காவது வழியைச் சேர்ப்போம். நிச்சயம் 4, செலவு 3, தரம் 4, வேகம் 3. மொத்தம் 355.

இதையும் ஆட்டிப் பாருங்கள். நிச்சயத்திலும் செலவிலும் இதற்கும் போருக்கும் ஒரே மதிப்பெண். அதனால் அந்த இரண்டு எடைகளுக்குள் எப்படி மாற்றினாலும் 25 புள்ளி வித்தியாசம் அசையாது. காசா, தண்ணீரா என்று சண்டை போட்டவர்கள் இருவரும் ஒரே முடிவுக்கு வந்துவிடலாம். ஆனால் நிச்சயம் 4-லிருந்து 3 ஆனால் 320 ஆகிப் போருக்குக் கீழே போய்விடும். கோடையில் லாரி சொன்ன நாளில் வராவிட்டால் அதுதான் நடக்கும். 2019 கோடையைச் சென்னையில் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே தீர்மானத்தில் "மழைநீர் மற்றும் லாரி" என்று மட்டும் எழுதாதீர்கள். "கோடைக்கு முன்பே, வாரத்துக்கு எத்தனை லோடு, என்ன விலை என்று எழுத்து ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும், ஆகாவிட்டால் போர் யோசனை மீண்டும் கூட்டத்துக்கு வரும்" என்று சேர்த்து எழுதுங்கள். அட்டவணையையும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு யாராவது "ஏன் இப்படிச் செய்தீங்க?" என்று கேட்டால், எந்தக் கட்டத்தில் கருத்து மாறியிருக்கிறது என்று அவரே விரல் வைத்துக் காட்டட்டும்.