டை போட்ட தலை எரிந்தால்



நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கு தலைக்கு டை போடுறதைப் பத்தி மட்டும் பேசப் போறேன். சிரிக்காதீங்க, இங்கே பாதிப் பேர் போட்டுட்டுதான் வந்திருக்கீங்க, நானும்தான்.

எங்க குழுவுல ஒரு அக்கா. மகள் கல்யாணத்துக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை சாயங்காலம் டை போட்டாங்க. ஆறு வருஷமா போடுற அதே பாக்கெட். போட்ட கொஞ்ச நேரத்துல தலை எரிஞ்சது. பக்கத்துல இருந்த நாத்தனார், "எரிஞ்சாத்தான் நல்லாப் பிடிக்கும்"னு சொல்லிட்டாங்க. ஒரு மணி நேரம் விட்டுத்தான் அலசினாங்க, தேங்காய் எண்ணெயும் தடவினாங்க. சனிக்கிழமை அரிப்பு மட்டும்தான். ஞாயிறு காலையில கண் திறக்க முடியலை. நெற்றி, இமை, காது எல்லாம் வீங்கி, காதுக்குப் பின்னாடி நீர் கசிஞ்சது. வீட்டில் "அம்மை போட்டிருக்கு"னு வேப்பிலை கட்டி, மருந்து மாத்திரை வேண்டாம்னு வைத்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டது செவ்வாய்க்கிழமை!

அந்த அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "டையை வெள்ளிக்கிழமையே கழுவிட்டேனே, ஞாயித்துக்கிழமை எப்படி வீங்கும்?"

வீங்கும். கருப்பு டையில் பெரும்பாலும் பாரா பெனிலீன் டையமின் என்ற ரசாயனம் இருக்கும், சுருக்கமா பி.பி.டி. அது சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். அந்த ஒவ்வாமை பெரும்பாலும் உடனே தெரியாது, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் தெரியும். பல வருஷம் ஒன்றும் செய்யாத டையே ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். டை தலையில்தான் போட்டோம், ஆனால் வீக்கம் இமையில் வரும், ஏன்னா அங்கே தோல் மெல்லிசு. அதனால டை போட்ட மூன்று நாளுக்குள் முகம் வீங்கினா, அம்மைன்னு முடிவு கட்டாமல் முதல்ல டையை நினைச்சுப் பாருங்க.

எரியத் தொடங்கின உடனே, பாக்கெட்டில் போட்ட நேரம் ஆகலைன்னாலும் அலசுங்க. தலையைப் பின்னாடி சாய்ச்சுக்கணும், குனிஞ்சா டை கண்ணுல இறங்கும். சாதாரணத் தண்ணீர் போதும், வெந்நீர் கூடாது. பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு, மென்மையான ஷாம்பு போட்டு ரெண்டு தடவை அலசுங்க. சீயக்காய் போட்டுத் தேய்க்காதீங்க. உதவி செய்யறவங்க கையுறை போட்டுக்கணும். கண்ணில் பட்டிருந்தால் கண்ணையும் கால் மணி நேரம் தண்ணீர்விட்டுக் கழுவி, டாக்டரிடம் காட்டணும்.

அப்புறம் நனைச்சுப் பிழிஞ்ச துணியைத் தலையில் பத்து நிமிஷம் வைத்து எடுங்க, ஒரு நாளைக்குப் பல தடவை வைக்கலாம். எலுமிச்சை, மஞ்சள், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். சொறியக் கூடாது, தலையணை உறையை மாத்துங்க. அரிப்புக்கு செட்டிரிசின் 10 மில்லிகிராம் மாத்திரை ராத்திரி ஒன்று பெரியவங்க போடலாம், தூக்கம் வரும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவங்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களும் கேட்டுத்தான் போடணும்.

லேசான எரிச்சல் அலசினதும் தணிஞ்சு, அடுத்த நாள் இல்லைன்னா பயமில்லை. ஆனால் இமை, நெற்றி, காது வீங்கினாலோ, கொப்புளம் வந்து நீர் கசிஞ்சாலோ, அன்றைக்கே டாக்டரிடம் போங்க. சீழ், காய்ச்சல் இருந்தாலும் அப்படித்தான். பாக்கெட்டைத் தூக்கிப் போடாம கையோட கொண்டு போங்க. இந்த வீக்கத்துக்கு சில சமயம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பாங்க, அது சர்க்கரையை ஏத்தும். அதனால சர்க்கரை இருக்கிறவங்க முதல்லயே சொல்லிடுங்க. அந்த மாத்திரையை மெடிக்கல் கடையில் நீங்களா கேட்டு வாங்காதீங்க.

உதடு, நாக்கு வீங்கினாலோ, குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலைசுற்றி விழுந்தாலோ ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது. உடனே 108. மூச்சுத் திணறினா உட்கார வையுங்க, வாயில் எதுவும் கொடுக்காதீங்க. இது அபூர்வம்தான், ஆனா வந்தா உயிர் போகும்.

அந்த அக்காவுக்கு மருந்து ஆரம்பிச்சதும் வீக்கம் வடிஞ்சது. கல்யாணப் போட்டோவுல மட்டும் இமை கொஞ்சம் தடிப்பாகத் தெரியும். இனி அவங்க பி.பி.டி. உள்ள எந்த டையையும் தொடக் கூடாது, வேற கம்பெனி பாக்கெட்டும் சேர்த்துத்தான். பாதிக்கப்படாதவங்க ஒவ்வொரு தடவையும் பாக்கெட்டில் சொன்னபடி முழங்கை மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ துளி தடவி, ரெண்டு நாள் பார்த்துட்டுப் போடுங்க. ஒரு தடவை வீங்கினவங்க இந்தச் சோதனையைக்கூட வீட்டில் செய்யக் கூடாது.

"மருதாணி போடலாமா?"ன்னு பின்வரிசையில் ஒரு தங்கச்சி கேட்குது. மரத்திலிருந்து பறிச்சு அரைச்ச இலையில் பி.பி.டி. கிடையாது, அது செம்பட்டை நிறம்தான் தரும். போட்ட உடனே கருகருன்னு ஆக்குற பொடியா இருந்தா, மேலே மூலிகைன்னு எழுதியிருந்தாலும் பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சுப் பாரும்மா.