மின்சுற்றை அளந்து அறிதல்



மின்னணுத் தொழிற்கூடமொன்றில் பயிற்சிக்கெனச் சேரும் இளைஞர் ஒருவரிடம், பழுதுற்ற ஒரு சிறு பலகையும், அதன் மின்சுற்று வரைபடமும், மல்ட்டிமீட்டரும் தரப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவர் கை முதலில் நாடுவது பெரும்பாலும் மானியையே. நான் அவரை வரைபடத்தை முதலில் எடுக்கச் சொல்வேன். ஓரிடத்தில் எத்தனை வோல்ட் இருத்தல் வேண்டும் என்பதை முன்னரே அறியாதவருக்கு, மானி காட்டும் எண்ணால் பயன் யாதுமில்லை.

வரைபடம் என்பது பலகையின் படம் அன்று. எது எதனோடு இணைந்துள்ளது என்பதை மட்டுமே அது கூறும். வரைபடத்தில் அருகருகே நிற்கும் இரு பொருள்கள் பலகையில் இரு மூலைகளில் இருக்கலாம். இரு கோடுகள் சந்திக்குமிடத்தில் புள்ளி இருந்தால் அவை இணைந்தவை. புள்ளியின்றி ஒன்றையொன்று கடந்து சென்றால் அவற்றுக்குள் தொடர்பில்லை. தரை இணைப்பின் குறி பத்து இடங்களில் காணப்பட்டாலும் அவையனைத்தும் ஒரே கம்பி என்றே கொள்க. மின்னழுத்தம் என்று நாம் சொல்வதெல்லாம் அந்தத் தரையிலிருந்து அளக்கப்படுவதே. ஆதலின் மானியின் கருப்பு முனையைத் தரையில் நிலையாகப் பொருத்திவிட்டுச் சிவப்பு முனையை மட்டும் ஒவ்வோர் இடமாகக் கொண்டுசெல்வது வழக்கம்.

நம் இளைஞர் கையிலுள்ளது ஒரே டிரான்சிஸ்டர் கொண்ட ஒலிபெருக்கிப் பகுதி. மேலே 12 வோல்ட் கோடு, கீழே தரை. மேற்கோட்டிலிருந்து 47 கிலோ ஓம் தடை ஒன்றும், அதன் கீழே 10 கிலோ ஓம் தடை ஒன்றும் தொடராக இறங்கித் தரையை அடைகின்றன. அவ்விரண்டும் சேருமிடம் டிரான்சிஸ்டரின் அடிவாயோடு இணைந்துள்ளது. ஏற்பானுக்கும் மேற்கோட்டுக்கும் இடையே 2.2 கிலோ ஓம். உமிழ்ப்பானுக்கும் தரைக்கும் இடையே 470 ஓம். உள்ளே வரும் ஒலிக்குறிப்பையும் வெளியே செல்லும் ஒலிக்குறிப்பையும் கடத்தும் மின்தேக்கிகள் நேர்மின்னோட்டத்தை விடமாட்டா. அவற்றை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

இனி மானியைத் தொடாமலே கணக்கிடுவோம். 12 வோல்ட்டை இரு தடைகளும் பங்கிட்டுக்கொள்வதால் அடிவாயில் 12 × 10 / 57, அதாவது ஏறக்குறைய 2.1 வோல்ட் நிற்றல் வேண்டும். அடிவாய் சிறிதளவு மின்னோட்டத்தை இழுப்பதால் அது இரண்டு வோல்ட் அளவுக்கு இறங்கும். சிலிக்கன் டிரான்சிஸ்டர் இயங்கும்போது உமிழ்ப்பான் அடிவாயினும் 0.65 வோல்ட் அளவு தாழ்ந்திருக்கும். எனவே அங்கே 1.3 வோல்ட். அதை 470 ஓமால் வகுத்தால் மின்னோட்டம் 2.8 மில்லியாம்பியர். அதே மின்னோட்டம் ஏறத்தாழ முழுவதும் 2.2 கிலோ ஓம் தடையின் வழியே வருவதால் அங்கே சுமார் 6 வோல்ட் வீழும். ஏற்பானில் எஞ்சுவது ஏறக்குறைய 6 வோல்ட். 2, 1.3, 6 என்னும் இம்மூன்று எண்களையும் வரைபடத்தில் உரிய இடங்களில் பென்சிலால் எழுதிவிடுக. மூன்று நிமிட வேலைதான். இதைச் செய்யச் சோம்புவோர் பின்னர் மூன்று மணி நேரம் தேடுவார்கள்.

இப்போது மின்சாரத்தை இணைத்து, மானியை நேர்மின்னழுத்த வரிசையில் 20 வோல்ட் எல்லையில் வைத்து அளக்கிறார். சிவப்புக் கம்பி வோல்ட் துளையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுதல் மிக இன்றியமையாதது. ஆம்பியர்த் துளையில் இருந்தால் மானியே குறுக்குச்சுற்றாகிவிடும். அடிவாயில் 2.1 வோல்ட். உமிழ்ப்பானில் 1.7 வோல்ட். ஏற்பானில் 12 வோல்ட்.

அடிவாய் சரி, உமிழ்ப்பானும் ஏறத்தாழ சரி, ஏற்பான் மட்டும் தவறு. ஆகவே டிரான்சிஸ்டர் கெட்டுவிட்டது என்று பலரும் முடிவுகட்டுவர். புதியது ஒன்றைப் பற்றவைப்பர், எண்கள் மாறா. மூன்றாவதும் மாற்றப்படும். பற்றவைக்கும் சூடு மீண்டும் மீண்டும் பட்டால் பலகையின் செப்புத் தகடு பெயர்ந்துவிடும். சிறு பழுது பெரும்பழுதாவது இவ்வாறே.

எண்களைச் சற்றே குறுக்குவிசாரணை செய்வோம். உமிழ்ப்பானில் உண்மையாகவே 1.7 வோல்ட் இருந்து, அது 470 ஓம் வழியே தரைக்கு இறங்குமானால், மின்னோட்டம் 3.6 மில்லியாம்பியர். அந்த மின்னோட்டம் மேலுள்ள தடையில் ஏறக்குறைய 8 வோல்ட்டை வீழ்த்தியிருக்கும். ஆனால் அங்கே ஒன்றுமே வீழவில்லை. ஆகவே மின்னோட்டம் ஓடவில்லை. ஓடாத மின்னோட்டம் 470 ஓம் தடையில் 1.7 வோல்ட்டை எவ்வாறு உண்டாக்கும்? உண்டாக்காது. அத்தடை அறுந்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

பின் அந்த 1.7 வோல்ட் எங்கிருந்து வந்தது? எண்ணைக் காட்டும் மானி பலவற்றின் உள்தடை 10 மெகா ஓம். அதன் முனையை உமிழ்ப்பானில் வைத்த கணமே, அறுந்த தடைக்கு மாற்றாக அந்த 10 மெகா ஓம் பாதை அமைந்துவிடுகிறது. ஒரு மைக்ரோஆம்பியரில் ஆறிலொரு பங்கு மின்னோட்டம் மானியின் வழியே கசிகிறது. அளக்கும் கருவியே சுற்றின் உறுப்பாகி, இல்லாத ஒன்றை இருப்பதுபோல் காட்டிவிட்டது. இன்னொரு சான்றும் உண்டு: அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் உள்ள வேறுபாடு 0.65 அன்று, 0.4 மட்டுமே. அத்துணைக் குறைந்த வேறுபாடு மிகமிகச் சிறிய மின்னோட்டத்துக்கே உரியது.

இனித் தடையை அளந்து உறுதி செய்தல் வேண்டும். முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, மின்தேக்கிகளில் எஞ்சியது வடியும்வரை பொறுத்து, 12 வோல்ட் கோடு பூச்சியத்துக்கு வந்ததை மானியாலேயே பார்த்துவிட வேண்டும். தடையை அளக்கும்போது மானி தன் மின்கலத்திலிருந்து சிறு மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்க்கிறது. வெளியிலிருந்து மின்னழுத்தம் குறுக்கிட்டால் எண் பொய்யாகும், சில வேளை மானியும் பழுதாகும்.

பலகையிலிருந்து கழற்றாமல் அளக்கையில், மானியின் மின்னோட்டம் நாம் அளக்கும் தடையின் வழியே மட்டும் செல்வதில்லை, பக்கவழிகளிலும் செல்கிறது. எடுத்துக்காட்டாக அந்த 47 கிலோ ஓம் தடையை அளந்தால் 10 கிலோ ஓமுக்கும் குறைவாகவே காட்டக்கூடும். அது கெடவில்லை; 10 கிலோ ஓம் தடையும் மின்வழங்கியும் சேர்ந்து அதற்கொரு பக்கவழி ஆகின்றன. பக்கவழிகள் எண்ணைக் குறைக்குமேயன்றிக் கூட்டமாட்டா. ஆகவே குறித்த அளவினும் குறைந்து காட்டினால் அதைக்கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது. ஒரு காலைப் பலகையிலிருந்து தூக்கி அளந்தாக வேண்டும். குறித்த அளவினும் மிகுந்து காட்டி அவ்வெண் நிலைத்து நின்றாலோ, அத்தடை கெட்டது உறுதி. கழற்ற வேண்டுவதே இல்லை.

நம் இளைஞர் சிவப்பு முனையை உமிழ்ப்பானிலும் கருப்பு முனையைத் தரையிலும் வைக்கிறார். மானியில் OL என்று தோன்றுகிறது. எல்லை கடந்தது என்பது அதன் பொருள். முனைகளை மாற்றி வைத்தால் பல கிலோ ஓம் தெரியலாம்; அது டிரான்சிஸ்டரின் சந்தி வழியாகச் செல்லும் பக்கவழியே. முள் அசையும் பழைய மானிகள் பலவற்றில், தடை அளக்கும்போது கருப்பு முனையே நேர்முனையாக இருக்கும் என்பதையும் நினைவிற் கொள்க. எவ்வாறாயினும் 470 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் அதனினும் மிகுந்த எண்ணே வருகிறது. ஐயத்துக்கு இடமில்லை.

புதிய 470 ஓம் தடையைப் பற்றவைத்து மின்சாரத்தை இணைத்ததும், அடிவாயில் 2, உமிழ்ப்பானில் 1.3, ஏற்பானில் 6 என, பென்சிலால் எழுதிய எண்களுக்கு மிக அருகில் மானி காட்டுகிறது. தடைகள் குறித்த அளவிலிருந்து நூற்றுக்கு ஐந்து கூடியும் குறைந்தும் இருக்கக்கூடுமாதலின், சிறு வேறுபாட்டைக் கண்டு மலைக்க வேண்டா. இனி ஒலிக்குறிப்பு உட்புகுந்து பெருகி வெளிவருகிறதா என்று காண வேண்டும். நேர்மின்னழுத்தத்தை அளக்கும் மானி அதைச் சொல்லாது. அதற்கு அலைகாட்டியை மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.