நாற்பது லட்சத்துக்குப் பக்கத்துல ஒரு பள்ளம்



எங்க குழுவுல கணக்கு நோட்டு எழுதுறது நான்தான். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் அரைச்சு, பாக்கெட் போட்டு விக்கிறோம். போன பிப்ரவரியில டவுன் கடைக்காரர் ஒருத்தர் ஒண்ணரை லட்ச ரூபாய்க்குத் தூள் கேட்டார். நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். மார்ச் முடிய எங்க விற்பனை 39.5 லட்சம் வரும். அவர் ஆர்டரையும் எடுத்தா 41 லட்சம். வேண்டாம்னு சொல்லிட்டோம். வீடு தேடி வந்த வியாபாரத்தை ஏன் விட்டோம்னு நிறைய பேர் கேட்டீங்க.

நம்ம மாநிலத்துல பொருள் மட்டும் விக்கிறவங்களுக்கு, ஒரு நிதியாண்டு மொத்த விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினா 30 நாளுக்குள்ள ஜிஎஸ்டி பதிவுக்கு விண்ணப்பிக்கணும். இது லாபம் இல்லை, விற்பனை. ஒரே பான் எண்ணுல நடக்கிற எல்லா வியாபாரமும் இதுல சேரும். தாண்டின வருஷம், தாண்டினதுக்கு அப்புறம் விக்கிறதுக்குத்தான் வரி. ஆனா அடுத்த ஏப்ரல்ல முதல் ரூபாயிலிருந்தே வரி. அங்கதான் பள்ளம்.

எங்களுக்கு நூறு ரூபாய்க்கு வித்தா எட்டு ரூபாய் நிக்கும். 39.5 லட்சத்துக்கு லாபம் 3,16,000. 41 லட்சம் வித்தா 3,28,000. ஆனா தூளுக்கு 5 சதவீத வரி. விலையை ஏத்தினா பக்கத்துல பதிவு இல்லாதவங்ககிட்ட வாங்கிக்குவாங்க. ஏத்தாம விட்டா 41 லட்சத்துக்குள்ளேயே வரி சுமார் 1,95,000. மிளகாயை விவசாயிகிட்ட நேரா வாங்குறதால, அதுல கழிச்சுக்க வரி இல்லை. கவர், அட்டைப்பெட்டிக்குக் கட்டின வரி மட்டும் கொஞ்சம் கழியும்.

காம்போசிஷன் திட்டத்துல சேர்ந்தா விற்பனையில 1 சதவீதம் போதும். அதை வாங்குறவங்ககிட்ட வசூலிக்கக் கூடாது, கட்டின வரியையும் கழிக்க முடியாது, வெளிமாநிலத்துக்கும் விக்க முடியாது. 41 லட்சத்துக்கு வரி 41,000. மிச்சம் 2,87,000. ஒண்ணரை லட்சத்துக்குக் கூடுதலா வித்தும், கையில 29,000 குறையுது!

நூத்துக்கு ஏழு ரூபாய் வச்சுக் கணக்குப் போட்டேன். பழைய லாபம் திரும்ப வரணும்னா 45 லட்சத்துக்கு மேல விக்கணும். ஆடிட்டர் கூலியும் சேர்த்தா இன்னும் கொஞ்சம். நாற்பதுக்கும் நாற்பத்தஞ்சுக்கும் நடுவுல நின்னா நஷ்டம்தான்.

சிலபேர் ஒரே தொழிலை ரெண்டு பெயர்ல பிரிச்சுக் காட்டலாம்னு சொல்றாங்க. மெஷினும் ஒண்ணு, அடுப்பும் ஒண்ணுன்னா, கேள்வி வந்தா வரியோட வட்டியும் அபராதமும் சேரும். வங்கிக்கணக்குல வர்ற பணமும் கண்ணுக்குத் தெரியும்.

அதனால மாசக்கடைசியில விற்பனையைக் கூட்டி எழுதுங்க. டிசம்பர்ல 30 லட்சம் தாண்டியிருந்தா உட்கார்ந்து பேசுங்க. எங்க குழு இந்த வருஷம் ரெண்டு கடைக்காரர்கிட்ட முன்கூட்டியே பேசி, 48 லட்சத்துக்கு ஆர்டர் உறுதியானாத்தான் பதிவு செய்யறதுன்னு தீர்மானம் எழுதியிருக்கோம். பள்ளத்துல இறங்காம தாண்டிக் குதிக்கணும்.