விளம்பரத்தை ஒதுக்குவோம், எச்சரிக்கையை மேலே வைப்போம்
(தோட்டப் பிரிவுக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழைக்காலம் வருகிறது. லயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று நம் கையில் இருக்கும் போனைப் பற்றிப் பேசப்போகிறேன். மேடு அசையலாம் என்று முன்கூட்டிச் சொல்லும் செய்தி இப்போது பலருக்கும் அந்தப் போனில்தான் வருகிறது. அது வந்தும் நாம் பார்க்காமல் விட்டால் வராததும் வந்ததும் ஒன்றுதான்.

ஏன் பார்க்காமல் விடுகிறோம்? கொழுந்து எடுக்கும் ஓர் அக்காவின் போனை, அவர் அனுமதியோடு, ஒரு வாரத்துக்குப் பின்னோக்கிப் பார்த்தோம். மொத்தம் 41 மெசேஜ் வந்திருந்தது. அதில் 34 விளம்பரம். டேட்டா பெக்கேஜ், ஜாதகம், பாட்டு, நகைக்கடைத் தள்ளுபடி என்று வரிசையாக இருந்தன. மிச்சம் ஏழில் இரண்டு வங்கியிலிருந்து வந்தவை, ஒன்று பிள்ளையின் கிளினிக் திகதி, மூன்று சொந்தக்காரர்கள் அனுப்பியவை. ஒன்று மண்சரிவு எச்சரிக்கை. அதை அவர் திறக்கவே இல்லை. “டொங் டொங்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது சேர், அதனால் சத்தத்தை நிறுத்திவிட்டேன்” என்றார். அவர் மீது பிழை இல்லை. ஏழு செய்திக்கு 41 தடவை மணி அடித்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

ஆகவே நாம் செய்யவேண்டியது, இந்த 34ஐயும் வேறு பெட்டிக்குத் தள்ளி, ஏழு மட்டும் சத்தம் போடும்படி வைப்பது. இதற்குப் போனிலேயே வழி இருக்கிறது. ஆனால் அதைச் செய்யும்போது ஒரு பொறி இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மெசேஜ் அனுப்புகிறவர் மூன்று விதமாகத் தெரிவார். ஒன்று, 07 என்று தொடங்கும் சாதாரண நம்பர். இரண்டு, நாலைந்து இலக்கம் கொண்ட குட்டி நம்பர். மூன்று, நம்பரே இல்லாமல் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். வங்கி, போன் கம்பெனி, அரசாங்க நிறுவனம் எல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றாவது விதம். அந்தப் பெயருக்கு நாம் பதில் அனுப்ப முடியாது. மற்ற நம்பர்களைப் போல அதைப் போன் புத்தகத்தில் சேமிக்கவும் முடியாது. ஆகவே போனின் கணக்கில் நகைக்கடையும் அந்நியர், எச்சரிக்கை அனுப்பும் அரச நிறுவனமும் அந்நியர்.

பொறி இதுதான். “தெரியாதவர்கள் அனுப்புவதையெல்லாம் மௌனமாக்கு” என்று போனுக்குச் சொன்னால், விளம்பரத்தோடு சேர்த்து எச்சரிக்கையும் வாயடைத்துப் போகும். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் சிலர் ஐபோன் கொண்டுவருகிறார்கள். அதில் தெரியாத அனுப்புநர்களைப் பிரித்து வைக்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் தெரியாதவர்களின் மெசேஜ் தனிப் பட்டியலுக்குப் போய்விடும், சத்தமும் வராமல் போகலாம். நகரத்து மாடி வீட்டில் அது வசதி. மலையடிவார லயத்தில் அது ஆபத்து.

எனவே நம்முடைய விதி தலைகீழாக இருக்கவேண்டும். தெரியாதவரை அடக்கவேண்டாம். விளம்பரக்காரர் என்று தெரிந்துவிட்டவரை மட்டும், பெயர் பெயராக, அடக்குவோம். புதிதாக வரும் பெயர் முதல் தடவை சத்தம் போடட்டும். பார்த்துவிட்டு அது எந்தப் பெட்டிக்கு உரியது என்று நாமே முடிவு செய்வோம்.

இனி வேலைக்கு வருவோம். நம்மில் நிறையப் பேரிடம் இருப்பது அண்ட்ராய்ட் போன். அதிலும் சாம்சங் போனில் பழைய சாம்சங் மெசேஜ் செயலி இருந்தால், மேலே மூன்று புள்ளியைத் தொட்டு `Settings` உள்ளே போய் `Conversation categories` என்பதைப் போடுங்கள். வெளியே வந்தால் மெசேஜ் பட்டியலுக்கு மேலே ஒரு கூட்டல் குறி தெரியும். அதைத் தொட்டுப் பெட்டிக்குப் பெயர் வையுங்கள். அந்த அக்காவின் போனில் மூன்று பெட்டி வைத்தோம்: “எச்சரிக்கை”, “வங்கி”, “கடை”. பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் எந்த அனுப்புநர் போகவேண்டும் என்று தெரிவு செய்தோம். 34 விளம்பரமும் ஒன்பது பெயர்களிலிருந்துதான் வந்திருந்தன. ஆகவே ஒன்பது தடவை தொட்டதோடு வேலை முடிந்தது.

கூகுளின் மெசேஜ் செயலி இருக்கிற போனில் இப்படிப் பெயர் வைத்துப் பெட்டி செய்ய முடியாவிட்டால் கவலை வேண்டாம். எச்சரிக்கை வந்த உரையாடலை விரலால் அழுத்திப் பிடித்து, மேலே வரும் குண்டூசிப் படத்தைத் தொடுங்கள். அது பட்டியலின் உச்சியில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை விளம்பரம் வந்தாலும் அதைக் கீழே தள்ள முடியாது.

ஆனால் சகோதரர்களே, பெட்டி பிரிப்பது பாதி வேலைதான். பெட்டி கண்ணுக்கு உதவும். இரவு இரண்டு மணிக்குப் போன் திரை இருட்டாக இருக்கும்போது நமக்குத் தேவை காதுக்கு எட்டும் சத்தம். பெட்டிக்குள் தள்ளினாலும் விளம்பரம் தொடர்ந்து மணி அடிக்கும். அதை நிறுத்த, விளம்பரம் திரையில் எட்டிப்பார்க்கும்போதே அந்த அறிவிப்பை அழுத்திப் பிடியுங்கள். `Silent` என்று வரும். அதைத் தொட்டால் அந்தப் பெயருக்கு மட்டும் சத்தம் போய்விடும். ஒன்பது பெயருக்கும் செய்யவேண்டும். இதை முடித்த பிறகுதான் போனின் பொதுச் சத்தத்தைத் திரும்பக் கூட்டிவைக்க அந்த அக்காவுக்கு மனம் வந்தது. மழை பெய்யும் இரவில் `Do Not Disturb` போட்டுவிட்டுப் படுக்கவேண்டாம். அது எல்லாவற்றையும் சேர்த்து அடக்கிவிடும்.

`Block` என்பதை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். ஒரே பெயரில் விளம்பரமும் வரும், தேவையான செய்தியும் வரும். பக்கத்துக் கடை விளம்பரத்தை அடைக்கலாம். போன் கம்பெனியின் பெயரை அடைத்தால் மீதிப் பணம் எவ்வளவு என்ற செய்தியும் நின்றுபோகலாம். அப்படிப்பட்ட பெயருக்குச் சத்தத்தை நிறுத்தினால் போதும்.

இன்னொன்று, கூகுள் செயலி தானாகவே சில மெசேஜைச் சந்தேகப்பட்டு ஒளித்துவைக்கும். மேலே வலப்பக்கம் உள்ள உங்கள் வட்டப் படத்தைத் தொட்டு `Spam & blocked` என்பதற்குள் பாருங்கள். கிராம உத்தியோகத்தரோ தோட்டத் தலைவரோ புது நம்பரிலிருந்து ஒரே செய்தியை நூறு பேருக்கு அனுப்பினால், செயலி அதை விளம்பரம் என்று நினைக்கக்கூடும். அங்கே கிடந்தால் திறந்து `Not spam` என்பதைத் தொடுங்கள். கிராம உத்தியோகத்தர், தலைவர், பாடசாலை, குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோரின் நம்பர்களை இன்றே போன் புத்தகத்தில் சேமியுங்கள். சம்பள நாளில் ஒரு தடவை அந்த ஒளிப்பெட்டியைத் திறந்து பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

சரி, பெட்டியும் வைத்தோம், சத்தமும் வைத்தோம், எச்சரிக்கை வருகிறது. அதை எப்படி வாசிப்பது? மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம். அதற்கு மூன்று கட்டம். மஞ்சள் என்றால் விழிப்பாக இரு. செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகு. சிவப்பு என்றால் வெளியேறு. பொதுவான கணக்கு, 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு. அடைமழை இரவில் மஞ்சளிலிருந்து சிவப்புக்குச் சில மணித்தியாலத்தில் போய்விடும். ஆகவே மாலையில் வந்த மெசேஜை வாசித்துவிட்டு நிம்மதியாகப் படுக்க முடியாது. அதே பெயரில் கடைசியாக வந்தது எது, எத்தனை மணிக்கு வந்தது என்று பார்க்கவேண்டும்.

இதில் நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எச்சரிக்கையில் தோட்டத்தின் பெயர் இருக்காது. மாவட்டமும் பிரதேச செயலாளர் பிரிவும்தான் இருக்கும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அந்த இடத்துக்கு இன்று எச்சரிக்கை வந்தால் “பதுளை மாவட்டம், ஹல்துமுல்லை” என்றுதான் வரும். மீரியபெத்தை என்று வராது. ஹல்துமுல்லை என்பது நமக்கு இல்லை என்று ஒருவர் நினைத்துவிட்டால் எல்லா ஏற்பாடும் வீண். உங்கள் பிரதேச செயலாளர் பிரிவின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். மூன்று மொழியில் எதில் வந்தாலும் பிள்ளைகள் எழுத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பார்கள்.

வங்கிப் பெட்டியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. போன் மெசேஜ்களை அனுப்புநரின் பெயரை வைத்துத்தான் அடுக்குகிறது. மோசடிக்காரன் வங்கியின் பெயரையே போட்டு அனுப்பினால், அவனுடைய மெசேஜும் உண்மையான வங்கி மெசேஜுக்குக் கீழே, அதே பெட்டியில் வந்து உட்காரும். ஆகவே “வங்கிப் பெட்டியில் இருக்கிறது, அதனால் உண்மை” என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. சம்பளம் வந்தது என்று சொல்லும் மெசேஜ் உங்களிடம் எதுவும் கேட்காது. இணைப்பைத் தொடு, இரகசிய இலக்கத்தைச் சொல் என்று கேட்டால், அது எந்தப் பெட்டியில் இருந்தாலும் பொய். எச்சரிக்கை பற்றிச் சந்தேகம் வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துக் கேட்கலாம்.

எல்லாம் வைத்த பிறகு சோதித்துப் பாருங்கள். உங்கள் போனில் சேமிக்காத ஒரு நம்பரிலிருந்து, பக்கத்து வீட்டுத் தம்பியை ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். போனை அடுத்த அறையில் வையுங்கள். சத்தம் கேட்டால் சரி. கேட்காவிட்டால் நீங்கள் அந்நியரையெல்லாம் அடக்கி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். திரும்பப் போய்த் திருத்துங்கள்.

போன் ஒன்றும் காவல் தெய்வம் அல்ல. கரண்ட் போய் டவர் நின்றால் எந்த மெசேஜும் வராது. சுவரில் புது வெடிப்பு, மேட்டில் சரிந்த மரம், திடீரென்று கலங்கும் ஊற்றுத் தண்ணீர், இவற்றைக் கண்டால் மெசேஜுக்குக் காத்திருக்காமல் வெளியேறவேண்டும்.

வரும் ஞாயிறு காலை பாடசாலைக்குப் போனையும் சார்ஜரையும் கொண்டுவாருங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு போன் வீதம் சரிசெய்து தருவார்கள். சாதாரண பட்டன் போன் வைத்திருப்பவர்களும் வாருங்கள். அதில் பெட்டி பிரிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு லயத்திலும் எந்த வீட்டுப் போன் இரவில் சத்தத்தோடு விழித்திருக்கும், அந்த வீட்டார் யார் யார் கதவைத் தட்டவேண்டும் என்று அன்றைக்கே பெயர் எழுதி முடிவு செய்வோம்.