சேமிப்புப் பணத்துக்கும் வட்டி உண்டு

எங்க குழுவில் மாவு மில் வாங்கலாம்னு பேசினப்போ போட்ட கணக்கைச் சொல்றேன்.

மெஷின் விலை ஒரு லட்சம். பேங்க் கடன் 60,000, வருஷத்துக்கு 12 சதவீத வட்டி. மீதி 40,000 எங்க சேமிப்பு. கரண்ட், கூலி, ரிப்பேர் எல்லாம் போக வருஷம் 24,000 நிக்கும். மெஷின் பத்து வருஷம் உழைக்கும்னு வச்சாலும், அடுத்த மெஷினுக்காக வருஷம் 10,000 எடுத்து வைக்கணும். மிச்சம் 14,000. முதல் வருஷ பேங்க் வட்டி 7,200 தானே, அப்போ லாபம்னு எல்லாரும் சொன்னோம்.

ஊக்குநர் அக்கா கேட்டாங்க, "அந்த 40,000 சும்மாவா கிடக்கு?"

சும்மா இல்லை. நூத்துக்கு மாசம் 2 ரூபாய் வட்டியில் நம்ம உறுப்பினர்களுக்கே உள்கடனா சுத்திக்கிட்டு இருக்கு. மில்லில் போட்டா வருஷம் 9,600 வட்டி வராது. அதையும் செலவாத்தான் எழுதணும்.

ரெண்டையும் கூட்டினா 16,800. அதாவது ஒரு லட்சத்துக்கு 16.8 சதவீதம். இதைத்தான் மூலதனச் செலவுன்னு சொல்றாங்க. மில் குறைஞ்சது இவ்வளவு சம்பாதிக்கணும். எங்க 14,000 அதுக்கு 2,800 குறைவு.

கூலியைக் கழிக்காம விட்டா சரியாயிடும்னு ஒருத்தங்க சொன்னாங்க. மில்லில் நிக்கிறதும் நம்ம பொண்ணுங்கதானே, நாங்க ஒத்துக்கலை. மிளகாய், மல்லியும் அரைச்சு மாசம் 300 ரூபாய் கூட வரும்னா மட்டும் வாங்கலாம்னு தீர்மானம் எழுதினோம். இப்போ வீடு வீடாப் போய் விசாரிச்சுட்டு இருக்கோம்.