வெள்ளிக்கிழமை, 6 மார்ச் 2026, காலை 9 மணி முதல் 11 மணி வரை



ரொறன்ரோவில் இருக்கும் மகள் ஒருவர், சுருவிலில் தனியே இருக்கும் அம்மாவுக்கு ஒரு பிரிட்ஜ் வாங்கிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடை யாழ்ப்பாண நகரில். காசு கனடாவிலிருந்தே கட்டியாயிற்று. லொறி பண்ணைப் பாலம் தாண்டி, வேலணைப் பக்கமாகச் சுருவிலுக்கு வர வேண்டும். பாரம் பிடித்து உள்ளே வைக்க அயல்வீட்டுத் தம்பி ஒருவர் அன்று வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும். அவருக்கு நாளைச் சொல்லப் போவது மகள். மகளுக்குச் சொல்லப் போவது கடை அனுப்பும் மின்னஞ்சல். அதில் நாள் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் அந்தத் தம்பியின் ஒரு நாள் சம்பளம் தங்கியிருக்கிறது.

கடைக்காரர் 06/03/2026 என்று எழுதுகிறார். நமக்கு அது மார்ச் 6. கனடாவிலோ நாளை முன்னுக்கு எழுதுபவர்களும் உண்டு, மாதத்தை முன்னுக்கு எழுதுபவர்களும் உண்டு. மகள் அதை ஜூன் 3 என்று வாசித்தால் அவர்மேல் குற்றமில்லை. 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச நியமம் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2026-03-06 என எழுதச் சொல்கிறது. கடையின் கணினிப் பதிவுக்கு அது நல்லது. ஆனால் ஒரு வாடிக்கையாளருக்கு எழுதும்போது மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிடுங்கள். மார்ச் என்று எழுதிய பிறகு அதை ஜூனாக யாராலும் வாசிக்க முடியாது.

அடுத்தது கிழமை. திகதி இருக்கும்போது கிழமை எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வரியின் காவல்காரனே கிழமைதான். 2026 மார்ச் 6 வெள்ளிக்கிழமை. ஜூன் 3 புதன்கிழமை. எழுதுபவரின் விரல் தவறி 6 என்பது 7 ஆகிவிட்டாலும், “வெள்ளி, மார்ச் 7” என்பதைப் பார்த்ததும் மகள் கலண்டரைப் புரட்டுவார், பொருந்தவில்லை என்று கண்டு கடைக்கு எழுதிக் கேட்பார். கிழமை இல்லாவிட்டால் 7ஆம் திகதி என்றே நம்பிக்கொண்டிருப்பார். பழைய மின்னஞ்சலைப் பிரதி எடுத்துத் திகதியை மட்டும் மாற்றும் கடைகளில் இந்தப் பிழை அடிக்கடி நுழையும். 2025இல் மார்ச் 6 வியாழக்கிழமை. ஆகவே அனுப்பும் முன் ஒருமுறை கலண்டரைப் பாருங்கள்.

“நாளையிண்டைக்கு”, “வாற வெள்ளி” என்ற சொற்கள் வாய்ப்பேச்சுக்குப் போதும், மின்னஞ்சலுக்குப் போதாது. செவ்வாய் காலையில் யாழ்ப்பாணத்தில் எழுதினால், ரொறன்ரோவில் அப்போது திங்கள் இரவு. அவர் அதைப் புதன்கிழமைதான் திறந்து பார்த்தாலும் ஆச்சரியமில்லை.

நேரத்துக்கு வருவோம். திகதிக்குப் பக்கத்தில் 9-11 என்று போட்டால் அதுவும் ஒரு திகதி போலவே தெரியும். 12 மணி என்றால் பகலா இரவா என்ற கேள்வி வரும். காலை, பின்னேரம் என்ற சொல்லோடு, எந்த நாட்டு நேரம் என்பதையும் எழுத வேண்டும். இப்படி:

தலைப்பு வரி: வெள்ளிக்கிழமை, 6 மார்ச் 2026, காலை 9 மணி முதல் 11 மணி வரை – சுருவிலுக்குப் பிரிட்ஜ்.

“வணக்கம். நீங்கள் வாங்கிய பிரிட்ஜை 2026 மார்ச் 6, வெள்ளிக்கிழமை, இலங்கை நேரம் காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் சுருவிலில் உள்ள அம்மாவின் வீட்டுக்குக் கொண்டுவருவோம். ரொறன்ரோவில் அப்போது வியாழன் இரவு 10.30 முதல் நள்ளிரவு தாண்டி 12.30 வரை. லொறி புறப்படும்போது அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்வோம்.”

தலைப்பில் நாளை முதலில் வைத்ததற்குக் காரணம், தொலைபேசித் திரையில் தலைப்பின் முதற்சில சொற்கள் மட்டுமே தெரியும் என்பதுதான்.

லொறி பழுதாகி நாள் மாறினால், புதிய நாளை மட்டும் எழுதி அனுப்பக் கூடாது. “மார்ச் 6 வெள்ளிக்கிழமை வரமாட்டோம். மார்ச் 13 வெள்ளிக்கிழமை வருவோம்” என்று பழைய நாளையும் சொல்லி நீக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மின்னஞ்சல்களில் எது செல்லும் என்று அவர் தடுமாறுவார். இடையில் மார்ச் 8ஆம் திகதி ரொறன்ரோவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளுகிறார்கள். ஆகவே இலங்கையின் காலை 9 மணி அங்கே இரவு 10.30 அல்ல, 11.30.

இதே பிரிட்ஜ் நெடுந்தீவுக்குப் போக வேண்டுமென்றால் கதை வேறு. குறிகாட்டுவான் இறங்குதுறையில் ஏற்றி, கடல் தாண்ட வேண்டும். காற்று பலத்தால் படகு ஓடாது. வீட்டு வாசலுக்கு இரண்டு மணி நேர இடைவெளியை அங்கே எந்தக் கடையாலும் உறுதி சொல்ல முடியாது. சொல்ல முடிந்ததைச் சொல்லுங்கள்: எந்தக் கிழமை, எந்தத் திகதி, சாமான் எத்தனை மணிக்குக் குறிகாட்டுவானில் நிற்கும், படகு ஓடாவிட்டால் அன்று எத்தனை மணிக்குள் உங்களுக்கு அறிவிப்போம்.